சண்டையில் இருக்கும் இரண்டு பங்குதாரர்களுக்கு ஒரே மெயில்: எப்படி எழுதுவது?

*கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்ன மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். என் பங்கு சிறியது. கணக்கும் இன்வாய்ஸும் பார்த்துக்கொள்கிறேன். மற்ற இருவருக்கும் (பெயரை மாற்றி ரவி, மாலா என்று வைத்துக்கொள்ளுங்கள்) எது யார் பொறுப்பு என்பதில் ஆறு வாரமாகச் சண்டை. ரவி வாடிக்கையாளர்களைப் பார்க்கிறவர், மாலா வேலையை முடித்துக் கொடுக்கிறவர். மெயிலில் மாறி மாறிக் குற்றம் சொல்லிக்கொள்கிறார்கள். மூவரும் போனில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று இருவருக்கும் மெயில் போட நினைக்கிறேன். எப்படி எழுதினால் யார் பக்கமும் சாயாமல் இருக்கும்?*

மெயில் எழுத உட்காரும் முன் இருவருக்கும் தனித்தனியாக ஒரு போன் போட்டுவிடுங்கள். ஒரே நாளில், ஒருவரிடம் பேசி முடித்த கையோடு அடுத்தவரிடம். ஆளுக்கு 15 நிமிடம் போதும். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம் கொடுங்கள். இதைச் செய்யாமல் நேராக மெயில் போட்டால், அதைத் திறக்கிற ஒவ்வொருவருக்கும் முதலில் தோன்றுவது 'இவர் முன்னாடியே அவரிடம் பேசிவிட்டாரோ' என்பதுதான். அந்தச் சந்தேகத்தோடு படிக்கும்போது எவ்வளவு பொதுவான வார்த்தையும் ஒரு பக்கம் சாய்ந்ததாகவே தெரியும்.

அந்த 15 நிமிடத்தில் மூன்றே மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசியாக வேலை எங்கே சிக்கியது? அந்த இடத்தில் எது உங்கள் வேலை, எது மற்றவர் வேலை என்று நினைத்திருந்தீர்கள்? மூவரும் ஒரு மணி நேரம் பேச வருவீர்களா? பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள், வாதம் செய்யாதீர்கள். 'அவங்க அப்படிச் சொல்லலையே' என்று ஒரு வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்துவிட்டால் அந்த நிமிடத்திலிருந்து நீங்கள் தூது போகிறவர். 'இதை அவரிடம் சொல்லாதே' என்று யாராவது கேட்டுக்கொண்டால் ஒத்துக்கொள்ளுங்கள். கூடவே, 'சரி, நான் சொல்ல மாட்டேன். அதை வைத்து நானாக எதையும் செய்யவும் மாட்டேன். பேச வேண்டிய விஷயம் என்றால் அன்றைக்கு நீங்களே எடுங்கள்' என்றும் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. மூவரும் கையெழுத்துப் போட்ட பங்குதாரர் ஒப்பந்தத்தை எடுத்து, பொறுப்புகள் பற்றியும் தகராறு பற்றியும் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தகராறு வந்தால் இன்ன முறையில் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும், முதலில் சமரசப் பேச்சு நடக்க வேண்டும் என்றெல்லாம் சில ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி ஒரு பிரிவு இருப்பது தெரியாமல் மெயில் போட்டுவிட்டு, பின்னால் ஒருவர் அதைக் காட்டினால் உங்கள் முயற்சியே கேள்விக்குள்ளாகும்.

இனி சண்டைக்கு வருகிறேன். 'பொறுப்புகள் பற்றிய பிரச்சினை' என்று மெயிலில் எழுதாதீர்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு வேறு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. ஒரு வேலையைச் செய்வது யார் என்பது ஒன்று, அதில் முடிவெடுப்பது யார் என்பது மற்றொன்று. பெரும்பாலும் ஒருவர் முதல் கேள்வியையும் மற்றவர் இரண்டாவது கேள்வியையும் மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவார்கள். அதனால்தான் நூறு மெயில் போனாலும் தீராது.

ஒரு உதாரணம் வைத்துப் பார்ப்போம். சிறு நிறுவனங்களின் கணக்குகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் இந்த வடிவத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரு வாடிக்கையாளர் செயலியில் இரண்டு புதிய திரைகள் வேண்டும் என்று போனில் கேட்கிறார். ரவி 'அடுத்த திங்கட்கிழமைக்குள் கொடுத்துவிடலாம்' என்கிறார். மாலாவுக்கு அது இரண்டு நாள் கழித்துத்தான் தெரியவருகிறது. அவர் கணக்குப்படி அது ஒன்பது நாள் வேலை. திங்கட்கிழமை வருகிறது, வாடிக்கையாளர் ரவியைக் கூப்பிடுகிறார், ரவி அதை அப்படியே மாலாவுக்கு மெயிலில் தள்ளிவிட்டு 'பதில் சொல்லுங்கள்' என்கிறார். மாலாவோ வாடிக்கையாளரிடம் பேசுவது ரவியின் வேலை என்று இருக்கிறார். யாருமே பேசவில்லை. ஒரு வாரம் கழித்து வேலை முடிகிறது. மாலா அதை ரவிக்கு ஒரு வரியில் தெரிவிக்கிறார். ரவி, கணக்குப் பார்க்கிற உங்களுக்கு அவரே சொல்லியிருப்பார் என்று நினைக்கிறார். இன்வாய்ஸ் மூன்று வாரம் தாமதமாகப் போகிறது.

இதில் ரவியைக் கேட்டால் 'வேலையை நேரத்துக்கு முடிப்பது மாலாவின் பொறுப்பு' என்பார். மாலாவைக் கேட்டால் 'முடியாத தேதியைக் கொடுத்தது ரவி' என்பார். இரண்டும் உண்மைதான். ஆனால் சிக்கல் இருப்பது இருவருக்கும் நடுவில், யார் பெயரும் எழுதப்படாத மூன்று இடங்களில். கூடுதல் வேலை வரும்போது தேதியை முடிவு செய்வது யார்? தேதி தள்ளும் என்று தெரிந்தால் வாடிக்கையாளரிடம் சொல்வது யார்? முடிந்தது, பில் போடலாம் என்று சொல்வது யார்? உங்கள் மெயிலில் போக வேண்டியவை இப்படிப்பட்ட கேள்விகள்தான். உங்கள் நிறுவனத்தில் அந்த மூன்றும் வேறாக இருக்கலாம். கண்டுபிடிக்கிற வழி இதுதான்: சமீபத்தில் சிக்கலான ஒரே ஒரு வேலையை எடுத்து, அது கையிலிருந்து கைக்கு எப்போது மாறியது என்று தேதி வாரியாக ஒரு தாளில் எழுதுங்கள். எங்கே இரண்டு நாளுக்கு மேல் அசையாமல் கிடந்ததோ அங்கே ஒரு கேள்வி இருக்கும்.

'யார் எவ்வளவு செய்தீர்கள் என்று ஆளுக்கொரு பட்டியல் அனுப்புங்கள்' என்று மட்டும் மெயிலில் கேட்டுவிடாதீர்கள். நியாயமாகத் தோன்றும், நிலைமையைக் கெடுத்துவிடும். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோர் சிக்கோலி என்ற இரு உளவியலாளர்கள் கணவன் மனைவியரிடம் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்தார்கள்: வீட்டில் நடக்கும் இன்னின்ன காரியங்களில் உங்கள் பங்கு எவ்வளவு? இருவர் சொன்னதையும் கூட்டியபோது பெரும்பாலான காரியங்களில் முழுமைக்கு மேலே போனது. சண்டையைக் கிளப்புவது போன்ற பெருமையில்லாத விஷயங்களிலும் அப்படித்தான் வந்தது. ஆகவே இது வெறும் பெருமைப் பேச்சு கிடையாது. நாம் செய்தது நமக்கு எளிதில் நினைவுக்கு வருகிறது, அடுத்தவர் செய்தது பாதி நம் கண்ணிலேயே படுவதில்லை. ரவி இரவு பத்து மணிக்கு வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்தியது மாலாவுக்குத் தெரியாது. மாலா ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிழை திருத்தியது ரவிக்குத் தெரியாது. இருவரின் பட்டியலும் மனதாரச் சொன்னதாகவே இருக்கும், கூட்டினால் 140 சதவீதம் வரும். அப்புறம் அந்த 40-ஐப் பற்றி ஒரு புதுச் சண்டை.

இனி மெயில். உங்கள் நிலைமைக்கு நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

> பொருள்: டெலிவரி தேதி, இன்வாய்ஸ் பற்றி மூவரும் பேச ஒரு மணி நேரம்
>
> மாலா, ரவி,
>
> நேற்று உங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினேன். மூவரும் ஒரே அழைப்பில் பேசலாம் என்று இருவருமே சொன்னீர்கள். அதற்காக இந்த மெயில்.
>
> கடந்த ஆறு வாரங்களில் நம் வேலை மூன்று இடங்களில் நின்றிருக்கிறது:
>
> 1. வாடிக்கையாளர் கூடுதலாக ஒன்றைக் கேட்கும்போது, புதிய தேதியை முடிவு செய்வது யார்?
> 2. தேதி தள்ளிப்போகும் என்று தெரிந்தால், வாடிக்கையாளரிடம் சொல்வது யார், எத்தனை நாளுக்குள்?
> 3. வேலை முடிந்தது, இன்வாய்ஸ் போகலாம் என்று எனக்குச் சொல்வது யார்?
>
> நம் ஒப்பந்தத்தைப் பார்த்தேன். இந்த மூன்றுக்கும் அதில் பதில் இல்லை. இனிமேல் இவை எப்படி நடக்க வேண்டும் என்று முடிவு செய்வதற்காகத்தான் இந்த அழைப்பு. நடந்ததை விசாரிக்கும் எண்ணம் எனக்கு இல்லை.
>
> மூன்றாவது கேள்வியில் என் வேலையும் இருக்கிறது. அதனால் நான் நடுவராக வரவில்லை. நேரம் பார்த்துக்கொள்வதையும் முடிவானதை எழுதி வைப்பதையும் செய்கிறேன்.
>
> வியாழன் மாலை 4 மணி, வெள்ளி காலை 10 மணி. இரண்டில் எது உங்களுக்குச் சரிப்படும்? புதன் காலைக்குள் நேரத்தை மட்டும் சொல்லுங்கள். நான்காவதாக ஒரு கேள்வி சேர்க்க வேண்டுமென்றால் ஒரு வரியில் சேருங்கள். மற்றதை அழைப்பில் பேசுவோம்.
>
> அதுவரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு: ஏற்கெனவே கொடுத்த தேதிகள் அப்படியே இருக்கட்டும். புதிதாகத் தேதி கேட்கிறவர்களுக்கு 'வரும் திங்கட்கிழமைக்குள் சொல்கிறோம்' என்று பதில் போகட்டும். இது அழைப்பு நடக்கும் வரைக்கும்தான். யார் சொல்வது சரி என்பதற்கு இதை யாரும் ஆதாரமாக எடுக்க வேண்டாம். இதில் சிரமம் இருந்தால் இன்றே, மூவருக்கும் தெரியும்படி சொல்லுங்கள்.

இருவர் பெயரும் பெறுநர் இடத்திலேயே இருக்க வேண்டும். ஒருவரை அங்கே போட்டு மற்றவரை நகல் இடத்தில் போட்டால், முதலாமவர் குற்றம் சாட்டப்பட்டவர், இரண்டாமவர் சாட்சி என்பது போல ஆகிவிடும். நானே ஒருமுறை அவசரத்தில் அப்படி அனுப்பினேன். நகலில் இருந்தவர் 'இது எனக்கு வந்த மெயில் இல்லையே' என்று நான்கு நாள் பதிலே போடவில்லை. மறைநகலில் யாரையும் சேர்க்கவே கூடாது, அலுவலக வழக்கறிஞராக இருந்தாலும். பெயர் வரிசைக்கு அகரவரிசை நல்லது. உங்கள் விஷயத்தில் மாலா, ரவி என்று வருகிறது, கேட்டால் காரணம் சொல்லலாம்.

ஒருவரை 'அண்ணா' என்றும் மற்றவரைப் பெயர் சொல்லியும் கூப்பிடுவது உங்கள் பழக்கமாக இருக்கலாம். நேரில் பேசும்போது அதில் ஒன்றும் இல்லை. ஒரே மெயிலில் 'ரவி அண்ணா, மாலா' என்று தொடங்கினால் முதல் வரியிலேயே ஒருவர் உங்களுக்குக் கிட்டத்தில் நிற்கிறார். இருவருக்கும் உறவுச்சொல் போடுங்கள், அல்லது இருவருக்கும் வேண்டாம். நீ, நீங்கள் விஷயத்திலும் இதே கதைதான். மாலாவிடம் நீ, வா, போ என்று பேசுகிறவராக இருந்தாலும் இந்த மெயிலில் இருவருக்கும் 'நீங்கள்' மட்டுமே.

இதை விட நுட்பமானது 'நாங்கள்' என்ற சொல். தமிழில் 'நாம்' என்றால் எதிரே இருப்பவரும் உள்ளே, 'நாங்கள்' என்றால் அவர் வெளியே. 'நானும் மாலாவும் பேசினோம், நாங்கள் நினைப்பது என்னவென்றால்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் ரவி கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விடுகிறார். எழுதி முடித்ததும் மெயில் முழுக்கத் தேடி, 'நாங்கள்' எங்கே இருந்தாலும் எடுத்துவிடுங்கள். வாடிக்கையாளருக்குச் சொல்லும் வாசகத்துக்குள் மட்டும் அது இருக்கலாம்.

வினைச்சொற்களில் நம் மொழி உங்களுக்குப் பெரிய வசதி செய்து கொடுக்கிறது. 'இன்வாய்ஸை அனுப்பவில்லை' என்றால் அனுப்பாத ஒருவர் அந்த வாக்கியத்தில் நிற்கிறார். 'இன்வாய்ஸ் போகவில்லை' என்றால் யாரும் நிற்கவில்லை, தகவலோ முழுசாக இருக்கிறது. நிறுத்தினார், நின்றது. தள்ளினார், தள்ளிப்போனது. தாமதப்படுத்தினார், தாமதமானது. நடந்ததைச் சொல்லும் இடத்தில் எல்லாம் இரண்டாவதைப் பயன்படுத்துங்கள். ஆனால் இனிமேல் என்ன என்ற இடத்தில் இதைச் செய்யக் கூடாது. 'தேதி முடிவு செய்யப்படும்' என்று எழுதினால் மறுபடியும் ஆளில்லாத இடம் உருவாகிறது. அங்கே யார் என்று நேராகக் கேட்க வேண்டும். மாதிரியில் மூன்று கேள்விகளும் 'யார்' என்று கேட்பதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம் அந்தச் சின்ன ஒட்டுகள். 'நீங்கள்தான் சொன்னீர்கள்', 'இன்னும் வரவில்லையே', 'ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல்', 'ஒத்துக்கொண்டீர்களாமே'. இவற்றில் உள்ள தான், ஏ, கூட, ஆமே எல்லாமே கை நீட்டிக் காட்டுகிற ஒட்டுகள். பேச்சில் குரலும் முகமும் அவற்றை மென்மையாக்கும், எழுத்தில் வெறும் கூர்மைதான் மிஞ்சும். குறிப்பாக 'ஆமே' வேண்டவே வேண்டாம், அது ஒருவர் உங்களிடம் தனியாகச் சொன்னதை மற்றவருக்குப் போட்டுக்கொடுத்துவிடும்.

ஏன் அழைப்பு, மெயிலிலேயே முடித்துக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். ஜஸ்டின் க்ரூகர், நிக்கலஸ் எப்லி முதலிய உளவியலாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகச் சொன்ன வரிகளையும் உண்மையாகச் சொன்ன வரிகளையும் சிலர் மெயிலிலும் சிலர் குரலிலும் அனுப்பினார்கள். அனுப்பியவர்கள் இரண்டு வழியிலும் சுமார் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று நம்பினார்கள். குரலில் 73 வந்தது, மெயிலில் 56. காசு சுண்டிப் பார்த்தாலே 50 வரும். அந்த ஆய்வில் பங்கெடுத்தவர்கள் சண்டையில் இருந்தவர்கள்கூட இல்லை. ஆறு வாரமாக அடித்துக்கொண்டிருக்கும் இருவருக்கு நடுவில் மெயிலில் தொனி என்ன பாடுபடும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் 'நேரத்தை மட்டும் சொல்லுங்கள்' என்ற வரியை வைத்திருக்கிறேன். மெயிலில் முடிவாக வேண்டியது ஒரே விஷயம், எத்தனை மணிக்குப் பேசுவது.

வரப்போகும் சில நாட்களுக்கான தற்காலிக ஏற்பாட்டைப் பெரும்பாலானவர்கள் எழுதுவதே இல்லை. அழைப்பு வியாழன் என்றால் செவ்வாய்க்கிழமையே இன்னொரு வாடிக்கையாளர் தேதி கேட்பார். ரவி கொடுப்பார். வியாழக்கிழமை பேச்சு மூன்று கேள்விகளில் தொடங்காமல் அந்தச் செவ்வாய்க்கிழமையில் தொடங்கும். ஏற்பாடு இருவருக்கும் சம அளவு சங்கடமாக இருக்க வேண்டும். 'ரவி மாலாவைக் கேட்காமல் தேதி கொடுக்க வேண்டாம்' என்று எழுதினால் முதல் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிவிட்டீர்கள், மாலாவுக்குச் சாதகமாக. தேதியையே சில நாள் தள்ளிவைத்தால் யாருக்கும் வெற்றி இல்லை. கெடு அழைப்பு நடக்கும் நாளைத் தாண்டி இருக்க வேண்டும், அதனால்தான் திங்கட்கிழமை.

ஒரு மணி நேரம் என்றதும் காரணத்தோடுதான். மூன்று கேள்விக்குத் தலா 15 நிமிடம், தொடக்கத்துக்கு ஐந்து, முடிவானதைப் படித்துக் காட்ட பத்து. அதற்கு மேல் நீட்டினால் பழைய கதை உள்ளே வரும். நான்கு கேள்விக்கு மேல் சேர்ந்தால் இரண்டாவது அழைப்பு வையுங்கள்.

மெயில் போனதும் மூன்று விதமாகச் சிக்கல் வரலாம். முதலாவது, ஒருவர் எல்லோருக்கும் நீளமாக மறுப்பு எழுதுவார். மற்றவர் பதில் எழுதுவதற்குள் நீங்கள் முந்திக்கொள்ளுங்கள், அதே இழையில் இரண்டு வரி: 'படித்தேன். இதில் உள்ள விஷயம் இரண்டாவது கேள்வியில் வருகிறது, வியாழன் அன்று அங்கே எடுத்துக்கொள்வோம். நேரம் சரிதானா?' அவர் எழுதியதில் எது சரி, எது தவறு என்று ஒரு வார்த்தை வேண்டாம்.

இரண்டாவது, ஒருவர் உங்களுக்கு மட்டும் பதில் போட்டு, அதில் மற்றவரைப் பற்றி நாலு வரி எழுதுவார். அதைத் திருப்பி அனுப்பாதீர்கள், மௌனமாகவும் இருக்காதீர்கள். போன் செய்து, 'எழுதினதைப் பார்த்தேன். இதைக் கேள்வியாக மாற்றிப் பட்டியலில் சேர்க்கலாமா?' என்று கேளுங்கள். சேர்க்கலாம் என்றால் அவரையே சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பதிலே வராது. புதன்கிழமை காலை தாண்டினால் மெயிலில் நினைவூட்ட வேண்டாம், அது மற்றவர் கண்ணுக்கும் தெரியும், 'பார், அவர் வரத் தயாரில்லை' என்று ஆகிவிடும். போனில் கேளுங்கள். பெரும்பாலும் நேரம் ஒரு பிரச்சினையாக இருக்காது, அழைப்பில் தனியாக மாட்டிக்கொள்வோமோ என்ற பயமாக இருக்கும். மூன்று பேரில் இருவர் ஏற்கெனவே ஒரு பக்கம் என்று அவர் நினைக்கலாம். அப்படியானால் இருவருக்கும் நம்பிக்கையான வெளி ஆள் ஒருவரை அழைப்பை நடத்தச் சொல்லலாம், நீங்கள் மூன்றாவது கேள்விக்கு மட்டும் பேசலாம். உங்களுக்கு இருக்கும் பங்கும் இன்வாய்ஸ் வேலையும் உங்களை முழு நடுநிலையாளர் ஆக்காது என்பதால், இந்தக் கோரிக்கை வந்தால் மனம் கோணாமல் ஒத்துக்கொள்ளுங்கள்.

இந்த மெயில் பொருந்தாத நிலைமையும் உண்டு. அந்த முதல் 15 நிமிடப் பேச்சில் ஒருவர் தேதி, வாடிக்கையாளர் என்று பேசாமல் லாபப் பங்கு, எடுத்த பணம், விலகுவது பற்றியே திரும்பத் திரும்ப வந்தால் சண்டை பொறுப்புகள் பற்றியது இல்லை. 'இன்வாய்ஸ் போகலாம் என்று சொல்வது யார்' என்று மூவரும் ஒரு மணி நேரம் பேசினாலும் அவர் மனதில் இருப்பது வெளியே வராது. பணம் காணவில்லை, கணக்கு மாற்றப்பட்டது என்று ஒருவர் சொன்னால் இன்னும் கவனம் வேண்டும். கணக்குப் பார்ப்பது நீங்கள் என்பதால் நீங்களும் அதில் ஒரு தரப்பு. அங்கே கூட்டு அழைப்புக்கு முன் ஆவணங்களைப் பத்திரப்படுத்துவதும், வெளித் தணிக்கையாளரிடமோ வழக்கறிஞரிடமோ போவதும்தான் சரி. இந்த மெயில் உட்பட நீங்கள் எழுதும் ஒவ்வொன்றும் பின்னால் ஒரு வழக்கில் காட்டப்படலாம். 'ஆதாரமாக எடுக்க வேண்டாம்' என்று நாம் எழுதிய வரி நல்லெண்ணத்துக்குத்தான். சட்டப்படி அது எவ்வளவு தாங்கும் என்பது உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பொறுத்தது.

அழைப்பு முடிந்த அன்றே, மறுநாளுக்குத் தள்ளாமல், அதே இழையில் முடிவுகளை அனுப்புங்கள். பேசியதைச் சுருக்க வேண்டாம், முடிவை மட்டும். ஒவ்வொரு வரியிலும் ஒரே ஒரு பெயர், ஒரு கெடு. மேலே சொன்ன உதாரணத்துக்கு அது இப்படி இருக்கலாம்:

> 1. கூடுதல் வேலைக்கான தேதியை மாலா முடிவு செய்வார், ரவி கேட்டதிலிருந்து ஒரு வேலை நாளுக்குள். அதுவரை ரவி வாடிக்கையாளரிடம் தேதி சொல்ல மாட்டார்.
> 2. தேதி தள்ளும் என்று தெரிந்த அன்றே மாலா ரவியிடம் சொல்வார். மறுநாளுக்குள் ரவி வாடிக்கையாளரிடம் சொல்வார்.
> 3. வேலை முடிந்த அன்று மாலா எனக்கு மெயில் போடுவார், ரவிக்கு நகல். இரண்டு வேலை நாளில் இன்வாய்ஸ் போகும், அது என் பொறுப்பு.
>
> நான்கு வாரம் இப்படி நடத்திப் பார்க்கிறோம். அதன் பிறகு அரை மணி நேரம் பேசி மாற்ற வேண்டியதை மாற்றுவோம். இதில் எதையாவது நான் தவறாக எழுதியிருந்தால் நாளை மாலைக்குள் இங்கேயே திருத்துங்கள்.

முதல் வரியில் 'ரவியும் மாலாவும் சேர்ந்து முடிவு செய்வார்கள்' என்று எழுதச் சொல்லி அழைப்பில் இருவரும் ஒத்துப்போகக்கூடும். அந்த நேரத்தில் அது சமாதானமாகத் தோன்றும். அங்கேயே நிறுத்தி, 'ஒத்துவரவில்லை என்றால் கடைசி வார்த்தை யாருடையது?' என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் கிடைக்கும் வரை அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள், அந்த 15 நிமிடம் 25 ஆனாலும் பரவாயில்லை.